அக்டோபர் 96,000, நவம்பர் 71,000: இதில் தீபாவளியின் பங்கு எவ்வளவு?

கேள்வி: சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் அப்பாவின் மளிகைக் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். 2025 அக்டோபர் விற்பனை 96,000 வெள்ளி, நவம்பர் 71,000 வெள்ளி. 26% விழுந்துவிட்டது. அப்பா, "தீபாவளி முடிஞ்சா அப்படித்தான்" என்கிறார். எனக்கு எதிர்வரிசையில் புதுக் கடை திறந்ததுதான் காரணம் என்று தோன்றுகிறது. பருவகாலத்தை நீக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும் என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது? 2023 ஜனவரி முதல் தினசரிக் கணக்கு எக்செலில் இருக்கிறது, இணைத்திருக்கிறேன்.

பதில்:

உங்கள் கணக்கைத் திறந்து முழுவதும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அப்பா சொல்வது பெரும்பகுதி சரி. ஆனால் முழுவதும் சரியில்லை, மிச்சம் ஒரு 4,500 வெள்ளி இருக்கிறது, அதற்குத் தீபாவளி பதில் சொல்லாது. அந்த 4,500க்கு எப்படி வந்தேன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன், நீங்களே திரும்பப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பருவகாலத்தை நீக்குவது என்றதும் எல்லோரும் சொல்லித்தரும் வழி, மூன்று வருட அக்டோபர்களின் சராசரியை எடு, மூன்று வருட நவம்பர்களின் சராசரியை எடு, மொத்த மாதச் சராசரியால் வகுத்து ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு குறியீடு போடு, அந்தக் குறியீட்டால் விற்பனையை வகு என்பதுதான். பொங்கலுக்கு அது சரியாக வரும், ஏனென்றால் பொங்கல் எந்த வருடமும் ஜனவரி 14 அல்லது 15, ஜனவரியை விட்டு நகராது. தீபாவளி சந்திரனைப் பார்த்து வருவது. 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. உங்கள் கடையில் தீபாவளிக் கூட்டம் மூன்று வாரத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஆக 2023இல் அந்தக் கூட்டத்தின் உச்சம் நவம்பரில் விழுந்தது, 2024இல் முழுவதும் அக்டோபரில், 2025இல் அக்டோபரின் முதல் மூன்று வாரத்தில். இந்த மூன்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் தீபாவளியில் பெரும்பகுதியை அக்டோபருக்கும் மிச்சத்தை நவம்பருக்கும் பூசிவிட்ட மாதிரி ஆகும். அந்தச் சராசரி எந்த ஒரு வருடத்துக்கும் பொருந்தாது.

சரி, மாதத்தோடு மாதம் வேண்டாம், போன வருட நவம்பரோடு ஒப்பிடுவோம் என்று பலர் அடுத்து போவார்கள். உங்கள் கணக்கில் 2024 நவம்பர் 67,200, 2025 நவம்பர் 71,000. 5.7% வளர்ச்சி! ஒரே மாதத்தை ஒரு பக்கம் பார்த்தால் 26% வீழ்ச்சி, இன்னொரு பக்கம் பார்த்தால் கிட்டத்தட்ட 6% ஏற்றம். இரண்டுமே தவறு. 2024இல் தீபாவளி அக்டோபரின் கடைசி நாள், அதனால் நவம்பரின் முதல் வாரம் எல்லார் வீட்டிலும் மாவும் எண்ணெயும் பருப்பும் மிச்சம் இருந்த வாரம், கடைக்கு யாரும் வரவில்லை. 2025இல் அந்த மந்தமான வாரம் அக்டோபர் 21இலிருந்து 27க்குள் போய்விட்டது. அதாவது போன வருட நவம்பர் ஒரு ஊனத்தோடு இருந்தது, அதோடு ஒப்பிட்டால் இந்த வருடம் நன்றாகத் தெரியத்தான் செய்யும்.

அதனால் உங்கள் கடைக்கு மாதக் கணக்கை விட்டுவிட்டு நாள் கணக்கில் இறங்க வேண்டும். தினசரி எண்கள் உங்களிடம் இருப்பது பெரிய வசதி. யோசனை இதுதான்: ஒவ்வொரு நாளுக்கும் ஒரு எடை கொடுக்கிறோம். வாரத்தின் சராசரி நாள் என்றால் 1. ஞாயிறு ஒன்றரை மடங்குக்கு மேல் விற்கும் என்றால் அதன் எடை 1.7. தீபாவளிக்கு முந்திய வாரம் என்றால் அதற்கு மேல் இன்னொரு பெருக்கல். மாதத்தின் எல்லா நாள்களின் எடையையும் கூட்டினால் அந்த மாதத்தில் உண்மையில் எத்தனை 'எடை நாள்கள்' இருந்தன என்று வரும். மாத விற்பனையை அதால் வகுத்தால் ஒரு எடை நாளுக்கான விற்பனை. இந்த எண்ணைத்தான் ஒரு மாதத்துக்கும் இன்னொரு மாதத்துக்கும் ஒப்பிட வேண்டும்.

முதலில் கிழமை எடை. தேக்கா வட்டாரத்தில் கடை வைத்திருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, விடுதிகளிலிருந்து ஊழியர்கள் வரும் நாள் அது. ஆனால் எவ்வளவு என்று எண்ணாகத் தெரிய வேண்டும். விழா எதுவும் இல்லாத வாரங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். தீபாவளி, பொங்கல், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், பொது விடுமுறை விழுந்த வாரம் எதையும் சேர்க்கவில்லை. மிச்சமுள்ள ஒவ்வொரு வாரத்திலும் அன்றைய விற்பனையை அந்த வாரத்தின் தினசரிச் சராசரியால் வகுத்து, கிழமைவாரியாக வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் நடுமதிப்பை எடுத்தேன். சராசரி எடுக்காமல் நடுமதிப்பு எடுத்ததற்குக் காரணம், உங்கள் கணக்கில் ஒரு புதன்கிழமை திடீரென்று மூன்று மடங்கு நிற்கிறது, யாரோ ஒரு கல்யாண வீட்டுக்காரர் மொத்தமாக அரிசி மூட்டை எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்த மாதிரி ஒரு நாள் சராசரியை இழுத்துவிடும், நடுமதிப்பை அசைக்காது. வந்த எடைகள்: திங்கள் முதல் வியாழன் வரை 0.8, வெள்ளி 0.9, சனி 1.2, ஞாயிறு 1.7. ஏழையும் கூட்டினால் 7 வருகிறது; நடுமதிப்பு என்பதால் கொஞ்சம் முன்பின் வரலாம், 7ஐ விட்டு வெகுவாக விலகினால் எங்கோ தப்பு.

இதை மட்டும் வைத்தே ஒரு விஷயம் தெரிந்துவிடுகிறது. 2025 அக்டோபருக்கு 31 நாள், ஆனால் நான்கு சனி, நான்கு ஞாயிறுதான், எடையைக் கூட்டினால் 30.5. நவம்பருக்கு 30 நாள், ஆனால் ஐந்து சனி, ஐந்து ஞாயிறு, எடை 30.9. நாள் குறைந்த மாதம் எடையில் கூடுதலாக நிற்கிறது. அதாவது நாள்காட்டி நவம்பருக்குச் சாதகமாக இருந்தும் விற்பனை குறைந்திருக்கிறது. "நவம்பர்ல ஒரு நாள் கம்மி" என்ற சமாதானம் இங்கே செல்லாது, தலைகீழாகத்தான் இருக்கிறது.

அடுத்தது தீபாவளி எடை, வேலை முழுவதும் இங்கேதான். தேதியை மறந்துவிட்டு, தீபாவளிக்கு எத்தனை நாள் முன், எத்தனை நாள் பின் என்று கணக்கை அடுக்க வேண்டும். 2023க்கும் 2024க்கும் தனித்தனியாக அடுக்கினேன். 2025ஐ வேண்டுமென்றே சேர்க்கவில்லை. எந்த மாதத்தைச் சோதிக்கிறோமோ அதையே அளவுகோல் செய்யவும் எடுத்துக்கொண்டால், அந்த மாதத்தில் இருக்கும் குறையும் அளவுகோலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

தீபாவளி நாளை விட்டுவிட்டு முன்னும் பின்னும் ஏழேழு நாளாகப் பிரித்துக்கொண்டால் ஒரு சௌகரியம் உண்டு. எந்த ஏழு நாளை எடுத்தாலும் ஏழு கிழமையும் ஒவ்வொரு தடவை வந்துவிடும், கிழமை எடை தானாக ரத்தாகிவிடும், வார மொத்தத்தை வார மொத்தத்தோடு நேராக வகுக்கலாம். 2024இல் கூட்டம் ஆரம்பிக்கும் முன் நான்கு வாரங்கள் வாரத்துக்குச் சுமார் 17,100 வெள்ளி விற்றிருக்கிறீர்கள். தீபாவளிக்கு முந்திய ஏழு நாள், அக்டோபர் 24 முதல் 30 வரை, 33,100. வகுத்தால் 1.94. 2023இல் அதே மாதிரி சாதாரண வாரம் 15,750, தீபாவளிக்கு முந்திய ஏழு நாள் 29,300, வகுத்தால் 1.86. இரண்டுக்கும் நடுவில் 1.9 என்று வைத்துக்கொண்டேன். இதே வழியில் அதற்கு முந்திய வாரம் 1.4, அதற்கும் முந்திய வாரம் 1.15. தீபாவளியன்று நீங்கள் மதியத்தோடு கடையை அடைத்துவிடுகிறீர்கள், 0.5. முடிந்த பின் வரும் ஏழு நாள் 0.75. அதற்கப்புறம் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.

கடைசியாகச் சொன்ன 0.75ஐப் பலர் விட்டுவிடுவார்கள். தீபாவளிக்கு முன் ஏறியதை மட்டும் கழித்துவிட்டு, பின்னால் விழுந்ததை அப்படியே விட்டுவிடுவார்கள். பண்டிகைக்கு வாங்கிய இரண்டு லிட்டர் எண்ணெயில் ஒரு லிட்டர் அடுத்த வாரத்துக்குரியது, அதை முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். ஏற்றமும் இறக்கமும் சேர்ந்துதான் ஒரு தீபாவளி.

இன்னொன்று, ஏன் பெருக்கல், ஏன் கழித்தல் இல்லை என்று கேட்கலாம். "தீபாவளிக்கு 14,000 வெள்ளி கூட விற்கும், அதைக் கழித்துவிடு" என்று செய்தால் கடை வளரும்போது அந்த 14,000 பொருந்தாமல் போகும். உங்கள் கடை 2023இலிருந்து 2024க்கு நன்றாகவே வளர்ந்திருக்கிறது, தீபாவளி ஏற்றமும் அதோடு சேர்ந்து பெருத்திருக்கிறது, ஆனால் மடங்கு ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது.

எக்செலில் A பத்தியில் தேதி, B பத்தியில் விற்பனை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இவற்றைப் போடுங்கள். weights என்பது கிழமை எண்ணையும் எடையையும் எழுதி வைத்த ஏழு வரிப் பட்டியலுக்கு நீங்கள் வைக்கும் பெயர், 1 திங்கள், 7 ஞாயிறு.

```
C2: =VLOOKUP(WEEKDAY(A2,2),weights,2,FALSE)
D2: =A2-DATE(2025,10,20)
E2: =IF(D2<-21,1,IF(D2<=-15,1.15,IF(D2<=-8,1.4,
     IF(D2<0,1.9,IF(D2=0,0.5,IF(D2<=7,0.75,1))))))
F2: =C2*E2
```

D பத்தியில் உள்ள தேதியை ஒவ்வொரு வருடத்துக்கும் அந்த வருடத் தீபாவளிக்கு மாற்ற வேண்டும், மறந்துவிடாதீர்கள். F பத்தியின் மாதக் கூட்டல்தான் எடை நாள்கள்.

இப்போது 2025 அக்டோபரைக் கையாலேயே போட்டுப் பார்ப்போம், ஒரு தடவை கையால் போட்டால்தான் நம்பிக்கை வரும். தீபாவளி திங்கள்கிழமை என்பதால் வாரங்கள் அழகாக வெட்டுப்படுகின்றன. 1 முதல் 5 வரை, புதன் முதல் ஞாயிறு, கிழமை எடை 5.4, அதை 1.15ஆல் பெருக்கினால் 6.21. 6 முதல் 12 வரை முழு வாரம், 7 பெருக்கல் 1.4, 9.8. 13 முதல் 19 வரை 7 பெருக்கல் 1.9, 13.3. 20ஆம் தேதி தீபாவளி, 0.8 பெருக்கல் 0.5, 0.4. 21 முதல் 27 வரை 7 பெருக்கல் 0.75, 5.25. 28 முதல் 31 வரை பெருக்கல் ஏதும் இல்லை, 3.3. எல்லாம் கூட்டினால் 38.26. நவம்பரில் தீபாவளியின் சாயல் எதுவும் இல்லை, அதே 30.9.

96,000ஐ 38.26ஆல் வகுத்தால் 2,509 வெள்ளி. 71,000ஐ 30.9ஆல் வகுத்தால் 2,298 வெள்ளி. 26% வீழ்ச்சி 8.4% ஆகிவிட்டது.

இத்தோடு நிறுத்தக்கூடாது. தீபாவளி இல்லாவிட்டாலும் நவம்பர் அக்டோபரைவிடக் கொஞ்சம் மந்தமான மாதமா என்று பார்க்க வேண்டும். நவம்பர் பின்பாதியில் பள்ளி விடுமுறை, குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்கள் நிறைய. அதே எடைகளைப் பழைய வருடங்களுக்கும் போட்டேன். 2023 அக்டோபர் 75,800 வெள்ளி, 33.67 எடை நாள், ஒரு நாளுக்கு 2,251. நவம்பர் 76,500 வெள்ளி, 34.78 எடை நாள், 2,200. வெறும் கண்ணுக்கு நவம்பர் ஏறியது போல் இருந்தது, உண்மையில் 2.3% இறக்கம். 2024 அக்டோபர் 98,000 வெள்ளி, 40.15 எடை நாள், 2,441. நவம்பர் 67,200 வெள்ளி, 28.35 எடை நாள், 2,370. வெறும் கண்ணுக்கு 31% வீழ்ச்சி, உண்மையில் 2.9%.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள், முறை வேலை செய்கிறதா என்பதற்கான சோதனை இதுதான். ஒரு வருடம் நவம்பர் 1% ஏற்றம், அடுத்த வருடம் 31% இறக்கம் என்று இருந்த எண்கள், எடை போட்ட பின் 2.3%, 2.9% என்று பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. தீபாவளி எங்கே விழுந்தாலும் மிச்சம் ஒரே மாதிரி வருகிறது. ஒரு வருடம் 10%, இன்னொரு வருடம் 3% என்று வந்திருந்தால் தீபாவளி எடைகள் சரியில்லை என்று அர்த்தம், நானே இந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டேன்.

ஆக, நவம்பரின் வழக்கமான சுணக்கம் சுமார் 2.6%. 2,509இலிருந்து அதைக் குறைத்தால் இந்த நவம்பரில் ஒரு எடை நாளுக்கு 2,444 எதிர்பார்த்திருக்க வேண்டும், வந்தது 2,298. 6% குறைவு. 30.9ஆல் பெருக்கினால் எதிர்பார்த்தது சுமார் 75,500, வந்தது 71,000.

உங்களைப் பயமுறுத்திய 25,000 வெள்ளியை இப்போது பிரித்துவிடலாம். தீபாவளியும் நாள்காட்டியும் சேர்ந்து சுமார் 18,500. நவம்பரின் வழக்கமான சுணக்கம் 2,000. மிச்சம் 4,500. அப்பாவிடம் இந்த மூன்று எண்களையும் காட்டுங்கள், 25,000இல் 20,500 அவர் சொன்னதுதான்.

இந்த 6%ஐ எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்மிடம் இரண்டே இரண்டு தீபாவளிகள்தான் அளவுகோலாக இருக்கின்றன, அவையே 1.86, 1.94 என்று வேறுபடுகின்றன. அதனால் முந்திய வாரத்தின் எடையை 1.8 என்றும் 2.0 என்றும் மாற்றி எல்லாக் கணக்கையும், பழைய வருடங்களையும் சேர்த்து, திரும்பப் போட்டேன். 1.8 வைத்தால் குறைவு சுமார் 8%, 2.0 வைத்தால் சுமார் 4%. எண் அசைகிறது, ஆனால் இரண்டு பக்கமும் குறைவாகவேதான் வருகிறது. அப்புறம், விழா இல்லாத மாதங்களில் உங்கள் எடை நாள் விற்பனை ஒரு மாதத்திலிருந்து இன்னொரு மாதத்துக்கு 3% வரை காரணமே இல்லாமல் ஆடுகிறது. 2% குறைந்திருந்தால் விட்டுவிடுங்கள் என்றிருப்பேன். இது அதைத் தாண்டுகிறது, ஆனால் மிகப் பெரிதாகத் தாண்டவில்லை.

தனித்தனி நாளை இந்த எடையோடு ஒப்பிடும்போது தீபாவளி வாரத்துக்குள் மட்டும் கவனம் தேவை. 2025இல் தீபாவளி திங்கள், அதனால் எல்லாரும் சனி ஞாயிறில் வந்து குவிந்தார்கள். 2024இல் வியாழன், கூட்டம் வார நாள்களிலும் பரவியது. வார மொத்தத்துக்கு 1.9 பொருந்தும், அந்த வாரத்தின் ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்குப் பொருந்தாது.

எக்செலில் இவ்வளவு கஷ்டப்படுவானேன், இதற்கென்றே மென்பொருள் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். X-13ARIMA-SEATS என்று அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் இலவசக் கருவி ஒன்று உண்டு, நல்ல கருவி. ஈஸ்டர் நகர்வதை அது தானாகவே கவனித்துக்கொள்ளும், தீபாவளியைக் கவனிக்காது, தேதிகளை நாம்தான் தனியாகக் கொடுக்க வேண்டும். அதோடு, மூன்று வருட மாதக் கணக்கு என்றால் 36 எண்கள்கூட இல்லை, அதற்கு அது போதாது. பருவகாலத்தைப் பிரித்தெடுக்கும் STL போன்ற முறைகளை மாதக் கணக்கில் ஓட்டினால் ஒவ்வொரு அக்டோபரும் ஏறக்குறைய ஒன்றுபோல் என்று எடுத்துக்கொள்ளும், நாம் ஆரம்பத்தில் பார்த்த அதே கோளாறு. நம் புள்ளிவிவரத் துறை மாதந்தோறும் சில்லறை விற்பனைக் குறியீட்டைப் பருவகாலம் நீக்கியும் வெளியிடுகிறது, அதை எடுத்து உங்கள் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். நாடு முழுக்க உள்ள கடைகளின் விற்பனை சீனப் புத்தாண்டை ஒட்டி ஏறி இறங்குவது, தேக்காவில் உள்ள ஒரு மளிகைக் கடையின் ஓட்டம் வேறு.

சரி, அந்த 4,500க்கு வருவோம். பருவகாலத்தை நீக்கியதன் பலன் இங்கேதான் கிடைக்கிறது. இப்போது நவம்பரின் ஒவ்வொரு நாளுக்கும் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று நம்மிடம் ஒரு எண் இருக்கிறது, எந்த நாளில் ஓட்டை என்று பார்க்கலாம். ஞாயிறு ஒவ்வொன்றுக்கும் 2,444 பெருக்கல் 1.7, சுமார் 4,155 வர வேண்டும். உங்கள் கணக்கில் நவம்பர் 2 அன்று 4,080, 9ஆம் தேதி 3,960. இரண்டும் வழக்கமான ஆட்டத்துக்குள்தான். 16ஆம் தேதி 3,020. 23ஆம் தேதி 2,950. 30ஆம் தேதி 2,940. ஐந்து ஞாயிறுக்கும் சேர்த்து 20,800 வர வேண்டிய இடத்தில் 16,950, குறைவு சுமார் 3,800. அதாவது விளக்கம் இல்லாத 4,500இல் 3,800 ஞாயிறுகளில் போயிருக்கிறது, அதிலும் ஏறக்குறைய முழுவதும் கடைசி மூன்று ஞாயிறுகளில். திங்கள் முதல் சனி வரை உங்கள் கடைக்கு ஒன்றும் ஆகவில்லை.

எதிர்வரிசைக் கடை திறந்த தேதியை நீங்கள் சொல்லவில்லை. நவம்பர் 9க்கும் 16க்கும் நடுவில் திறந்திருந்தால் உங்கள் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. அக்டோபரிலேயே திறந்திருந்தால் நவம்பரின் முதல் இரண்டு ஞாயிறுகள் ஏன் நன்றாக இருந்தன என்பதற்கு அது பதில் சொல்லாது. தேதி பொருந்தினால்கூட உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். எதிர்க்கடை ஒன்று வாடிக்கையாளரை இழுத்தால் சனிக்கிழமையும் கொஞ்சம் இழுக்க வேண்டும், இங்கே சனி அசையவே இல்லை. நவம்பர் மழை மாதம் வேறு, மூன்று ஞாயிறும் மாலையில் கொட்டியதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள், மழையில் விடுதியிலிருந்து கிளம்ப மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது கல்லாவில் உட்காரும் ஆள் தீபாவளிக்கு அப்புறம் ஊருக்குப் போய்விட்டாரா என்பதையும் பாருங்கள். வரிசை நீண்டால் கூடையை வைத்துவிட்டுப் போகிறவர்கள் கணக்கில் எங்கும் தெரிய மாட்டார்கள்.

இவற்றைப் பிரிக்க ஒரு வழி உண்டு. உங்கள் கல்லா இயந்திரத்தில் ரசீது நேரம் பதிவாகியிருக்கும். நவம்பர் 2, 9 இரண்டையும் ஒரு பக்கமும், 16, 23, 30 மூன்றையும் இன்னொரு பக்கமும் வைத்து, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ரசீது, ஒரு ரசீதுக்குச் சராசரி எத்தனை வெள்ளி என்று பிரியுங்கள். காலையிலிருந்து இரவு வரை எல்லா மணியிலும் ரசீது எண்ணிக்கை ஒரே அளவில் குறைந்திருந்தால் ஆட்கள் வேறு எங்கோ போகிறார்கள். மாலை 5 முதல் 9 வரை மட்டும் எண்ணிக்கை ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் தட்டையாக நின்றால் ஆட்கள் வந்திருக்கிறார்கள், உங்கள் கல்லாவால் அதற்கு மேல் போட முடியவில்லை. எண்ணிக்கை அப்படியே இருந்து ஒரு ரசீதின் தொகை மட்டும் குறைந்திருந்தால், அரிசி, எண்ணெய் போன்ற பெரிய சாமான் ஒன்றை உங்களிடம் வாங்காமல் வேறு இடத்தில் வாங்குகிறார்கள், எந்தச் சாமான் என்று பொருள்வாரியாகத் தேடுங்கள். அந்த ஐந்து ஞாயிறுகளின் மணிக்கணக்கை எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் இப்போதே குறித்து வையுங்கள்: 2026இல் தீபாவளி நவம்பர் 8. மூன்று வாரக் கணக்கில் பார்த்தால் கூட்டம் அக்டோபர் 18க்குத்தான் ஆரம்பிக்கும், உச்ச வாரம் நவம்பருக்குப் போய்விடும். அக்டோபர் மொத்தம் இந்த வருடத்து 96,000க்குக் கீழே நிற்கப்போகிறது. மூன்று தீபாவளிகளின் எடையையும் சேர்த்து அளவுகோலைப் புதுப்பித்து, 2026ஆம் வருடத் தேதியை D பத்தியில் போட்ட பிறகு அந்த எண்ணைப் பாருங்கள், அதற்கு முன்னால் பார்க்காதீர்கள்.